ஏழாம் வகுப்பு பி பிரிவு பெற்றோருக்கு: மெசேஜ் பார்க்கும் நேரம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமான மெசேஜ் இது. டீ குடிக்கும்போது நிதானமாகப் படித்தால் போதும், இப்பவே பதில் வேண்டாம்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து உங்கள் மெசேஜ்களைக் குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன். காலை 8.30 முதல் 8.50 வரை, சாயங்காலம் 4.30 முதல் 5.15 வரை, ராத்திரி 8.45 முதல் 9.15 வரை. இது திங்கள் முதல் சனி வரைக்கும். ஞாயிறும் அரசு விடுமுறையும் என்றால் சாயங்காலம் 6 மணியிலிருந்து அரை மணி நேரம் மட்டும்.

ராத்திரி நேரம் எதற்கு என்று வீட்டில்கூடக் கேட்டார்கள். நம்ம வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். 8.30க்கு விட்டு வெளியே வந்தால்தான் போனையே கையில் எடுக்க முடிகிறது. அவர்களிடம் போய் "சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்" என்றால் அது நியாயமே இல்லை. அதனால் அந்த அரை மணி நேரம் அவர்களுக்காக வைத்தது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் முடிந்தவரை சாயங்கால நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டால் உதவியாக இருக்கும்.

ஏன் திடீரென்று இப்படி என்று தோன்றலாம். போன மாதம் ஒரு நாள் காலை 11.40க்கு ஒரு அம்மா மெசேஜ் போட்டிருந்தார்: இன்றைக்குப் பிள்ளையை வேனில் ஏற்ற வேண்டாம் மிஸ், பாட்டி வந்து கூட்டிப் போவார். அந்த நேரத்தில் நான் எட்டாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன், போன் ஆசிரியர் அறை பீரோவில். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் மேலே மேலே குட் மார்னிங் ரோஜாப்பூ, முருகர் படம், இரண்டு பேர் கேட்ட வீட்டுப்பாடம், யாரோ தவறுதலாக அனுப்பிய ஜவுளிக்கடை விளம்பரம். அதற்கடியில் இருந்த இந்த மெசேஜை நான் பார்த்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அதற்குள் பிள்ளை வேனில் ஏறிப் போய்விட்டது, அந்தப் பாட்டி கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாள் முழுக்கப் பத்துப் பத்துத் தடவை போனை எடுத்து அரையும் குறையுமாகப் பார்த்ததில்தான் அது தவறியது. அதனால்தான் இந்த ஏற்பாடு. எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள், ராத்திரி ஒரு மணியானாலும் எனக்குத் தொந்தரவில்லை, மெசேஜ் சத்தம் அணைத்துத்தான் இருக்கும். ஆனால் படிப்பது மேலே சொன்ன நேரத்தில்தான், அப்போது ஒவ்வொன்றாகப் படிப்பேன். ஒரு வேண்டுகோள்: 11 மணிக்கு மேல் அனுப்பிவிட்டு, "ஐயோ லேட்டாகிவிட்டதே" என்று நீங்களே அழித்துவிடாதீர்கள். காலையில் எழுந்து 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்பதை மட்டும் பார்த்தால், என்னவோ ஏதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

மற்ற நேரத்தில் அனுப்பினால் கீழே இருக்கும் குறிப்பு தானாகவே உங்களுக்கு வரும். வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் வசதிதான், நான் கடை ஒன்றும் திறக்கவில்லை.

"வணக்கம்ங்க. உங்கள் மெசேஜ் வந்துவிட்டது. இது தானாகப் போகும் பதில், நான் இன்னும் படிக்கவில்லை. திங்கள் முதல் சனி வரை காலை 8.30–8.50, மாலை 4.30–5.15, இரவு 8.45–9.15, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மாலை 6.00–6.30 ஆகிய நேரங்களில் படித்துப் பதில் சொல்வேன். பிள்ளையை இன்றே சீக்கிரம் அழைத்துப் போக வேண்டும், வேனில் ஏற்ற வேண்டாம், உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது போன்ற விஷயம் என்றால் தயவுசெய்து இதற்காகக் காத்திருக்காதீர்கள். பள்ளி நேரத்தில் அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள், எண் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு பிள்ளை வீடு வந்து சேரவில்லை என்றால் எந்த நேரமானாலும் என்னையே கூப்பிடுங்கள். நன்றி."

இந்தக் குறிப்பு எனக்குத் தனியாக அனுப்பினால்தான் வரும், குழுவில் போட்டால் வராது. அப்புறம், என் போனுக்கு நெட் இல்லாவிட்டாலும் வராது. ஒற்றை டிக் மட்டும் தெரிந்தால் மெசேஜே எனக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம், அவசரமென்றால் உடனே போன் செய்துவிடுங்கள். குறிப்பு வந்த கையோடு "சரிங்க மிஸ்" என்று பதில் போடத் தேவையில்லை. அது நான் இல்லை.

எழுதும்போது ஒரே மெசேஜில் பிள்ளையின் ரோல் நம்பர், விஷயம், எப்போதைக்குத் தெரிய வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் போதும். "மிஸ்" என்று ஒன்று, "இருக்கீங்களா" என்று ஒன்று, "ஒரு விஷயம்" என்று ஒன்று அனுப்பிவிட்டு நிறுத்திவிட்டால் நான் என்ன பதில் சொல்வது. இப்படி இருக்கலாம்: "ரோல் நம்பர் 17. நாளை பல் டாக்டரிடம் போகிறோம், 12 மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன், காலை பிரேயருக்கு முன்னால் தெரிந்தால் போதும்." இதைப் பார்த்தால் நான் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், 38 பேருக்குப் பதில் போட வேண்டும்.

எழுதச் சிரமமாக இருப்பவர்கள் வாய்ஸ் மெசேஜ் தாராளமாக அனுப்பலாம். பாட்டி தாத்தா பேசி அனுப்பினாலும் சரி. ஆனால் அவற்றைச் சாயங்காலமும் ராத்திரியும் மட்டும்தான் கேட்பேன். காலையில் ஆசிரியர் அறையில் நாலு பேர் சுற்றி இருப்பார்கள், உங்கள் வீட்டு விஷயம் அவர்கள் காதில் விழுவது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம். 4 மணிக்குக் கரும்பலகையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுகிறேன், அதுவே போதும். மழை லீவும் அப்படித்தான். ஐப்பசியில் ஒரு தூறல் போட்டால் போதும், ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு லீவா மிஸ்?" என்று இருபது பேர். லீவு விடுவது கலெக்டர்ங்க. அது எனக்கும் உங்களைப் போல டிவி பார்த்துத்தான் தெரியும், சொல்லப்போனால் உங்கள் பிள்ளைகளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள், பள்ளிக்கு வரவே பயப்படுகிறது என்பது மாதிரி இருந்தால் மெசேஜில் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். "நேரில் பேசணும்" என்று மட்டும் போடுங்கள், மறுநாளே நேரம் ஒதுக்குகிறேன். என்னிடம் சொல்லத் தயக்கமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே பேசலாம்.

காலாண்டுத் தேர்வு வரைக்கும் இப்படிப் போகட்டும். உங்கள் ஷிப்டுக்கு இந்த நேரம் ஒத்துவரவில்லை என்றால், முக்கியமாக நைட் ஷிப்ட் போகிறவர்கள், தேர்வுக்குப் பிறகு நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். படித்துவிட்டதற்கு அடையாளமாகக் குழுவில் கட்டைவிரல் போட வேண்டாம், 38 கட்டைவிரலுக்குக் கீழே இந்த மெசேஜே காணாமல் போய்விடும். டைரியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன், அதில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பாசிரியை, 7 பி