குளோமெருலார் நோய்கள்: பாடம் முழுவதும் மூன்று அட்டவணையில்

நம் படிப்புக் குழுவுக்கு,

சிறுநீரகப் பாடத்தில் குளோமெருலஸ் மட்டுமே 40 பக்கத்தைத் தாண்டுகிறது. வெள்ளிக்கிழமை இன்டர்னல்ஸ். மூன்று முறை படித்தும் மெம்பிரேனஸும் மினிமல் சேஞ்சும் எனக்குள் கலந்தே கிடந்ததால், பக்கம் பக்கமாகப் படிப்பதை விட்டுவிட்டு நோய்களை அருகருகே வைத்து எழுதினேன். ட்யூபுல், கல், கட்டி இதில் இல்லை.

முதலில் பெரிய பிரிவு. வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகினால் நெஃப்ரோடிக்; வீக்கமடைந்து ரத்தம் கசிந்தால் நெஃப்ரிடிக்.

| | நெஃப்ரோடிக் | நெஃப்ரிடிக் |
|---|---|---|
| சிறுநீர் | நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம், கொழுப்பு | ரத்தம், சிவப்பணு காஸ்ட். புரதம் பொதுவாகக் குறைவு |
| உடல் | உடம்பெங்கும் வீக்கம், ஆல்புமின் குறைவு, கொலஸ்ட்ரால் அதிகம் | ரத்த அழுத்தம், சிறுநீர் குறைவு, கிரியேட்டினின் ஏற்றம் |
| சிக்கல் | தொற்று, ரத்த உறைவு | நுரையீரலில் நீர், வலிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு |

நெஃப்ரோடிக்கில் ரத்தம் ஏன் உறைகிறது என்று வைவாவில் கேட்பார்கள். ஆல்புமினோடு ஆன்டித்ராம்பினும் சிறுநீரில் போய்விடுகிறது. இம்யூனோகுளோபுலினும் போவதால்தான் தொற்று. ஒழுகுவது என்னவென்று தெரிந்தால் சிக்கல்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

| | மினிமல் சேஞ்ச் | எஃப்.எஸ்.ஜி.எஸ். | மெம்பிரேனஸ் |
|---|---|---|---|
| காரணம் | பெரும்பாலும் தெரியாது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, வலி மாத்திரை | தானாக வருவது, எச்.ஐ.வி., உடல் பருமன், மரபணு | பி.எல்.ஏ.2.ஆர். ஆன்டிபாடி, ஹெபடைடிஸ் பி, லூபஸ், புற்றுநோய், பாதரசம் |
| யாருக்கு | சிறு குழந்தைகள் | பெரும்பாலும் பெரியவர்கள் | பெரியவர்கள் |
| மைக்ரோஸ்கோப் | சாதாரணம், எலக்ட்ரானில் மட்டும் போடோசைட் பாதங்கள் மறைந்திருக்கும் | சில குளோமெருலஸில், அதிலும் ஒரு பகுதியில் தழும்பு | தடித்த சவ்வு, சில்வர் சாயத்தில் முட்கள், சிறுமணியாக ஐ.ஜி.ஜி. |
| சிக்கல் | தொற்று, திரும்பத் திரும்ப வருதல் | செயலிழப்பு. மாற்றுச் சிறுநீரகத்திலும் வரலாம் | சிறுநீரகச் சிரையில் ரத்த உறைவு |
| சிகிச்சை | பிரெட்னிசோலோன் | ஏ.சி.இ. தடுப்பான், தானாக வந்ததற்கு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் | ஏ.சி.இ. தடுப்பான், காரணத்தை நீக்குதல், ரிடுக்சிமாப் |

வார்டு போஸ்டிங்கில் ஒரு நான்கு வயதுப் பையன் காலையில் கண் திறக்க முடியாத வீக்கத்தோடு வந்தான். ஸ்டீராய்டு தொடங்கிச் சில வாரத்தில் சிறுநீரில் புரதமே இல்லை. அதனால்தான் இந்த வயதில் வழக்கமான அறிகுறிகள் இருந்தால் பயாப்சி செய்யாமலே மருந்து தொடங்குகிறார்கள். பெரியவருக்கு அப்படிப் பொதுவாகச் செய்வதில்லை.

மெம்பிரேனஸ் நோயாளியிடம் முகம் வெளுக்கப் பூசும் கிரீமைப் பற்றியும் பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்தைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். இரண்டாலும் வந்த நோய் நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. நிறுத்தினாலே பலருக்குக் குறைகிறது. கேட்காமல் விட்டால் வீணாக வீரிய மருந்து கொடுப்போம்.

| | ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பிந்தையது | ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி | ஆன்டி ஜி.பி.எம். |
|---|---|---|---|
| காரணம் | குரூப் ஏ ஸ்ட்ரெப் தொற்று | கேலக்டோஸ் குறைந்த ஐ.ஜி.ஏ.1 | நான்காம் வகை கொலாஜன் மீது ஆன்டிபாடி |
| தொடக்கம் | தொண்டை வலிக்கு 1–3 வாரம், தோல் புண்ணுக்கு 3–6 வாரம் கழித்து | தொண்டை வலியோடே, 1–2 நாளில் | வேகமாக. இருமலில் ரத்தமும் வரலாம் |
| சி3 | குறைவு | சாதாரணம் | சாதாரணம் |
| படிவு | சவ்வின் வெளிப்புறம் மேடுகள் | மெசாஞ்சியம் | சவ்வில் ஒரே கோடாக ஐ.ஜி.ஜி.; பிறைகள் |
| சிக்கல் | மிகை அழுத்தம், வலிப்பு | பல ஆண்டுகளில் மெல்ல செயலிழப்பு | நுரையீரல் ரத்தக்கசிவு, வாரங்களில் செயலிழப்பு |
| சிகிச்சை | உப்பு, நீர்க் கட்டுப்பாடு, ஃப்ரூசமைடு | ஏ.சி.இ. தடுப்பான், சிலருக்கு ஸ்டீராய்டு | பிளாஸ்மா மாற்றம், ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு |

மெம்பிரேனஸிலும் ஸ்ட்ரெப்பிலும் படிவு ஒரே பக்கம்தான், எபிதீலியத்துக்குக் கீழே. நான் தடுமாறியது இங்கேதான். செல்களைப் பாருங்கள்: ஸ்ட்ரெப்பில் குளோமெருலஸ் முழுக்க நியூட்ரோஃபில் நெரிசல், மெம்பிரேனஸில் செல் பெருக்கமே இருக்காது.

ஸ்ட்ரெப்பில் சி3 வழக்கமாக 6–8 வாரத்தில் ஏறிவிடும். அதற்கு மேலும் குறைவாகவே இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். முதலில் நினைக்க வேண்டியது மெம்பிரேனோப்ரோலிஃபரேடிவ். அதற்கு அட்டவணை போடவில்லை. சவ்வு இரட்டைக் கோடாகத் தெரியும், அது போதும்.

ஆன்டி ஜி.பி.எம். பத்தியை எழுதும்போது 'வாரங்களில்' என்பதை அடிக்கோடிடுங்கள். பிறைகள் நிறைந்து டயாலிசிஸுக்குப் போன பிறகு சிறுநீரகம் மீள்வது அரிது. பலமான சந்தேகம் இருந்தால் பயாப்சி முடிவுக்குக் காத்திராமல் பிளாஸ்மா மாற்றத்தைத் தொடங்குவார்கள். சிகிச்சைப் பத்தியின் முதல் வரியில் இதைச் சேர்த்துவிடுங்கள்.