பொருள்: சர்வர் மாற்றம் மெயில் தொடர் பற்றி (உங்களுக்கு மட்டும்)

செந்தில்,

இந்த மெயிலில் வேறு யாரையும் சேர்க்கவில்லை. மேனேஜரிடம் இதைப் பற்றி நான் பேசவும் இல்லை, பேசப்போவதும் இல்லை. நமக்குள் இருக்கட்டும்.

சனிக்கிழமை இரவு புது சர்வருக்கு மாறுவது பற்றி நீங்கள் எழுப்பிய கேள்வி நூற்றுக்கு நூறு சரி. பேக்கப் எடுத்தாயிற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தோமா என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பிப் பழைய சர்வரை நிறுத்தினால், ஏதாவது கோளாறு என்றால் திரும்பிப் போக வழியே இருக்காது. இதை மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் நேற்று இரவிலிருந்து அந்தத் தொடரில் பேக்கப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? வந்த பதில் எல்லாம் உங்கள் கோபத்துக்குத்தான். ராஜேஷ் தன் டீம் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்று நீளமாக விளக்கியிருக்கிறார். மீனா "நன்றி, கவனத்தில் கொள்கிறேன்" என்று ஒரே வரியில் ஒதுங்கிவிட்டார். நீங்கள் கேட்டது அப்படியே கிடக்கிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

நான் சொல்வது இரண்டு வரிகளைத்தான். ஒன்று, "அனுப்புவதைப் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்காவது இருக்கிறதா?" இதை நீங்கள் நேரில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள், உங்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு பேர் சிசியில் இருக்கிறார்கள். உங்கள் குரலையே கேட்டிராத அவர்களுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் இவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

இன்னொன்று மீனாவுக்கு எழுதியது: "அடிப்படை தெரியாமல் செக்லிஸ்ட் போட்டால் இப்படித்தான் ஆகும்." அந்த செக்லிஸ்ட் அவர் உருவாக்கியது இல்லை, செந்தில். போன தடவை மாற்றியபோது பயன்படுத்தியதைத்தான் அவர் கையில் கொடுத்தோம், அதிலேயே இந்தப் படி கிடையாது. அவர் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகிறது. சனிக்கிழமை இரவு திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக ஓட்டப்போவதும் அவர்தான். நடுராத்திரியில் ஒரு எரர் வந்தால் உங்களிடம் கேட்கத் தயங்காமல் கேட்க வேண்டும். இப்போது இருக்கும் நிலையில் கேட்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்றைக்கே நீங்கள் ஒரு சின்ன பதில் போட்டால் தொடர் மறுபடியும் விஷயத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். இப்படி இருக்கலாம், உங்கள் பாணியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அனைவருக்கும், சனிக்கிழமைக்கு முன் ஒரே ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்வோம். செவ்வாய்க்கிழமை எடுத்த பேக்கப்பைச் சோதனை சர்வரில் ஏற்றிப் பார்த்தோமா? இல்லையென்றால் நாளை மதியத்துக்குள் ஏற்றி, ரெக்கார்டு எண்ணிக்கையும் கணக்குகளின் மொத்தத் தொகையும் பழைய சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். ராஜேஷ், உங்கள் டீமில் யார் செய்வார்கள் என்று சொல்லுங்கள், நானும் கூட இருக்கிறேன். மீனா, இந்தப் படியைச் செக்லிஸ்ட்டில் சேர்த்துவிடுவோம். நேற்று என் பதில்கள் கொஞ்சம் காரமாகிவிட்டன, மன்னிக்கவும்."

கடைசி வரியை வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். வைத்தால் நல்லது என்பது என் எண்ணம். மீனாவுக்கு மட்டும் தனியாக ஒரு போன் போட்டுவிடுங்கள், அதை மெயிலில் செய்ய வேண்டாம். அப்புறம், ராஜேஷ் மறுபடியும் சுற்றி வளைத்து எழுதினால் "ரிப்ளை ஆல்" பக்கமே போகாமல் நேராக அவரைக் கூப்பிட்டுவிடுங்கள். போனில் நீங்கள் இருவரும் பத்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் இரவு நேர அலர்ட்டுகளையும் நீங்களே பார்க்கிறீர்கள் என்று தெரியும். தூக்கம் இல்லாமல் இரவு பத்து மணிக்குப் பதில் எழுதினால் யார் எழுதினாலும் சூடாகத்தான் வரும். இன்றும் நாளையும் அலர்ட்டுகளை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை நீங்கள் தெளிவாக இருப்பதுதான் எல்லாருக்கும் முக்கியம்.

நான் சொன்னதில் ஏதாவது தவறாகப் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். 4 மணிக்கு மேல் எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை. பதிலை அனுப்புவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து பார்க்கலாம் என்றால் கூப்பிடுங்கள்.

கவிதா