விடைத்தாள் மறுமதிப்பீடு கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
செ. மலர்விழி
மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்
பதிவெண் 23410627
மாணவியர் விடுதி, அறை எண் 14

பெறுநர்
உயர்திரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்
தேர்வுப் பிரிவு

நாள்: 07.07.2025

வழி: தமிழ்த்துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: நான்காம் பருவம், ‘யாப்பும் அணியும்’ தாள் – விடைத்தாள் நகலை விடைக்குறிப்போடு ஒப்பிட்ட பின் மறுமதிப்பீடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரலில் நடந்த நான்காம் பருவத் தேர்வில் மேற்கண்ட தாளில் 75-க்கு 46 மதிப்பெண் பெற்றிருக்கிறேன். விடைத்தாள் நகல் கேட்டுப் பணம் கட்டியிருந்தேன்; சென்ற வாரம் கிடைத்தது. தேர்வுப் பிரிவு வெளியிட்ட விடைக்குறிப்பையும் மதிப்பெண் பகிர்வையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று இடங்களில் விடைக்குறிப்பின்படி மதிப்பெண் வழங்கப்படவில்லை என்று தெரிகிறது. அவற்றைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலாவது, பகுதி ‘இ’-யில் 18-ஆம் வினா. பத்து மதிப்பெண். கொடுத்த குறளைச் சீர் பிரித்து அலகிட்டு, வாய்பாடும் தளையும் எழுத வேண்டும். குறள் இது:

யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன்
சாந்துணையும் கல்லாத வாறு

விடைக்குறிப்பில் பகிர்வு தெளிவாக இருக்கிறது. ஏழு சீருக்கும் அசை பிரிக்கத் தலா அரை, வாய்பாட்டுக்குத் தலா அரை, ஆறு தளைக்கும் தலா அரை. அசை பிரித்ததற்கு மூன்றரையும் வாய்பாட்டுக்கு இரண்டரையும் போட்டு மொத்தம் 6 தந்திருக்கிறார்கள். தளைக்கு எதுவுமே இல்லை.

தளையை நான் எழுதாமல் விடவில்லை. அலகிட்ட அட்டவணை 17-ஆம் பக்கத்தை அடைத்துக்கொண்டதால், அடியில் ‘தொடர்ச்சி பின்பக்கம்’ என்று எழுதி அடிக்கோடிட்டு, தளையை 18-ஆம் பக்கத்தின் தலைப்பில் எழுதினேன். நகலில் 17-ஆம் பக்கம் முழுக்கச் சிவப்பு மைக் குறிகள் இருக்கின்றன. 18-ஆம் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை; சரி என்ற குறியும் இல்லை, தவறு என்ற குறியும் இல்லை. தாளைத் திருப்பாமலே 17-ஆம் பக்கத்தின் கீழே மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில், முதல் ஆறு சீரும் காய்ச்சீராக இருந்து, அடுத்து வருவது ஒவ்வொன்றும் நேரில் தொடங்குவதால் ஆறு இடத்திலும் காய் முன் நேர், ஆறும் வெண்சீர் வெண்டளை என்று எழுதியிருக்கிறேன். அதனால் இது ஏந்திசைச் செப்பலோசை என்று கேட்காததையும் சேர்த்து எழுதினேன். விடைக்குறிப்பில் உள்ளதும் ஆறு வெண்சீர் வெண்டளைதான். இதற்கு உரிய 3 மதிப்பெண் வர வேண்டும்.

அதே வினாவில் கடைசிச் சீர் ‘வாறு’. இதற்கு வாய்பாடு ‘காசு’ என்று எழுதியிருந்தேன். மதிப்பிட்டவர் அதைச் சுழித்து, ஓரத்தில் ‘தேமா’ என்று திருத்தியிருக்கிறார். வேறு இடத்தில் வந்தால் ‘வாறு’ நேர் நேர், தேமாதான். ஆனால் வெண்பாவின் ஈற்றடியில் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும். இங்கே குற்றியலுகரத்தோடு முடிவதால் நேர்பு, அதாவது காசு. விடைக்குறிப்பின் 18-ஆம் வினாவிலும் ஏழாம் சீருக்குக் ‘காசு’ என்றே அச்சாகியிருக்கிறது. இதற்கு அரை மதிப்பெண்.

‘சாந்துணையும்’ என்பதற்கு அசையை நேர் நிரை நேர் என்று சரியாகப் பிரித்துவிட்டு, வாய்பாட்டில் கூவிளங்காய்க்குப் பதில் தேமாங்காய் என்று எழுதிவிட்டேன். அது என் தவறு. அந்த அரை மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை. ஆக இந்த வினாவுக்கு ஒன்பதரை வர வேண்டும்.

இரண்டாவது, பகுதி ‘ஆ’-வில் 12-ஆம் வினா, தற்குறிப்பேற்ற அணியைச் சான்றுடன் விளக்குவது. மூன்றில் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது இதுதான். இலக்கணத்துக்கு 2, சான்றுக்கு 1, அணியைப் பொருத்திக் காட்ட 2 என்பது பகிர்வு. இலக்கணத்துக்கு மட்டும் 2 தந்து, நான் எழுதிய சான்றைக் குறுக்கே கோடிட்டு அடித்து, ‘சான்று தவறு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

விடைக்குறிப்பில் இருக்கும் சான்று, மதுரையின் மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வாராதீர்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைந்த இடம். நான் எழுதியது அதே சிலப்பதிகாரத்தில் அதே புறஞ்சேரி இறுத்த காதையில் வரும் வையை ஆறு. கண்ணகிக்கு வரப்போகும் துன்பத்தைத் தானே அறிந்தவள்போல், ‘புண்ணிய நறுமல ராடை போர்த்து’, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாள் வையை என்கிறார் இளங்கோவடிகள். ஆற்றில் பூ மிதந்து வருவது இயல்பு. அழுகையை மறைக்கப் போர்த்திய ஆடை அது என்பது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. இதைத்தான் விடையில் எட்டு வரியில் பொருத்திக் காட்டியிருக்கிறேன். கொடியசைவு தற்குறிப்பேற்றம் என்றால் இதுவும் தற்குறிப்பேற்றம்தான். மேலும், விடைக்குறிப்பின் அந்த வினாவின் கீழேயே ‘பொருத்தமான வேறு சான்று தரினும் முழு மதிப்பெண் வழங்கலாம்’ என்ற குறிப்பு இருக்கிறது. வகுப்பில் சொன்னதையே திருப்பி எழுதாமல் காப்பியத்தைப் படித்து நானே கண்டெடுத்த இடம் இது, ஐயா. அதைத் தமிழ் படித்த இன்னொருவர் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதற்கு 3 மதிப்பெண்.

மூன்றாவது சிறியது. 13-ஆம் வினாவுக்கு உள்ளே 4 போட்டிருக்கிறார்கள். முகப்புப் பக்கக் கட்டத்தில் 3 என்று ஏறியிருக்கிறது. 1 மதிப்பெண் விடுபட்டிருக்கிறது.

ஆக நான் கோருவது ஏழரை மதிப்பெண். மொத்தம் ஐம்பத்து மூன்றரை. 15-ஆம் வினாவுக்கு மூன்றரைதான் கிடைத்தது என்று முதலில் அதையும் சேர்க்க நினைத்தேன். ஒப்பிட்டபோது ஆசிரியப்பா வகைகளில் அடிமறி மண்டிலத்தை நான் விட்டிருப்பது தெரிந்தது. அங்கே போட்டது சரிதான்.

மறுகூட்டல் மட்டும் செய்தால் மூன்றாவது குறை மட்டுமே தீரும். எனவே 12, 18 ஆகிய இரு வினாக்களையும், குறிப்பாக 18-ஆம் பக்கத்தையும், யாப்பும் அணியும் பாடம் நடத்தும் வேறொரு ஆசிரியரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மாற்றம் இல்லை என்று முடிவானால், எந்தக் காரணத்தால் என்பதை ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு வரியாவது எழுதித் தரும்படி வேண்டுகிறேன்.

அடுத்த ஆண்டு முதுகலைத் தமிழுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். தரவரிசைக்கு முதன்மைப் பாட மதிப்பெண்தான் கணக்கில் வரும் என்பதால், ஐந்தாம் பருவத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் முடிவு தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும். நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் வகுப்பு முடிந்து மாலை 3.30 மணிக்கு மேல் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. மலர்விழி

இணைப்பு: விடைத்தாள் நகலின் முகப்பும் 12, 13, 18-ஆம் வினாக்களின் பக்கங்களும், விடைக்குறிப்பில் அவ்வினாக்களுக்கு உரிய பக்கங்கள், உரிய வரிகள் கோடிட்டு, மறுமதிப்பீட்டுக் கட்டண ரசீது.