ஒரே பாஸ்

அத்தையின் பி.எஃப். பணம் 96,400 ரூபாய் வங்கியில் ஏறிவிட்டதென்று கைப்பேசிக்கு வந்த செய்தியை வாசித்துச் சொன்னவள் நான்தான். "நல்லாப் பாத்துச் சொல்லு, சைபரக் கூட்டிச் சொல்லிராத" என்றாள் அத்தை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்த தட்டில் தூளை ஒதுக்கிவிட்டு, பாதியில் நின்ற பீடியின் தலையை மடக்கி முடித்தாள்.

முக்கூடல் பக்கத்தில் பீடிக்கடைப் பாஸ் புத்தகம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் கடையில் இலையும் தூளும் போடுவார்கள், பி.எஃப். பிடிப்பதும் அவர் பெயரில்தான். அப்பா இறந்து, 2004-இல் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, கடையில் புதிய பாஸ் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். "எம் பாஸ்ல சுத்துளா, ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கிடுவோம்" என்று அத்தைதான் கூப்பிட்டு உட்கார வைத்தாளாம். அன்றிலிருந்து பத்தொன்பது வருடம், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி, அதாவது இருபத்தைந்து வீதம் நாற்பது கட்டு, இரண்டு பேருமாகச் சுற்றி ஒரே கூடையில் போட்டார்கள். எந்தக் கட்டு யாருடையது என்று கடைக்காரருக்கு மட்டுமல்ல, அவர்களுக்கே தெரியாது. பி.எஃபுக்கான பத்து சதவீதத்தைக் கழித்துக்கொண்டு கடையில் தரும் கூலியைத்தான் சனிக்கிழமைதோறும் பாதியாகப் பிரித்தார்கள். ஆக, கழிந்ததிலும் பாதி அம்மாவுடையது. இதை அவர்கள் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியதே இல்லாத அளவுக்கு ஒட்டியிருந்தார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அத்தைக்கு ஐம்பத்தெட்டு முடிந்து கணக்கை முடித்தபோது, கடைக்காரர் அந்த ஒரு பாஸுக்குப் பதிலாக ஒன்று போட்டுத்தர ஒத்துக்கொண்டார். அத்தை தன் மருமகள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மாவுக்கு அது மூன்று நாள் கழித்துக் கடையில் வைத்துத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மா அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்பதை இப்போது நினைக்கும்போது, சண்டை அன்றே தொடங்கிவிட்டது என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை ஒரு மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கோடு இருபதாயிரம் ரூபாயை வைத்து அம்மாவிடம் நீட்டினாள். "உனக்கும் ஒரு முறை செய்யணும்லா" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்தான் தப்பாகப் போயிற்று.

"முறையா? எம் பணத்த எடுத்து எனக்கே முறை செய்யுதியளா மைனி?"

அத்தை திகைத்துப் போனாள். பாதி வேண்டுமென்றால் பாதி என்று கேட்டிருக்கலாமே, யார் மாட்டேன் என்றது, மருமகளின் பிரசவம் வருகிறதே என்றுதான் கொஞ்சம் குறைத்தேன் என்று படபடவென்று சொன்னாள். அம்மா பணத்தைப் பார்க்கவே இல்லை. "பணம் கிடக்கட்டும். பாஸ அவ பேருக்கு எழுதுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அவளுக்கு இல வெட்டத் தெரியுமா?" என்று கேட்டபோதுதான் அத்தைக்கு விஷயம் பிடிபட்டது. அத்தையின் முகம் சட்டென்று இறுகியது.

அதன் பிறகு இருவரும் எடுத்து வைத்தவை எல்லாம் எனக்குத் தெரியாதவை. முதல் ஒரு வருடம் அம்மா சுற்றிய பீடி தளர்ந்துபோய்க் கட்டுக் கட்டாகக் கழிவில் விழுந்ததையும், அதையெல்லாம் அத்தை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து பிரித்துச் சுற்றிக் கணக்கை நேராக்கியதையும், அதற்காக அம்மாவின் கூலியில் ஒரு பைசா குறைக்காததையும் அத்தை சொன்னாள். 2006-இல் சிக்குன்குனியா வந்து அத்தை விரலை மடக்க முடியாமல் கிடந்த நாற்பது நாளும் ஆயிரம் பீடியையும் தான் ஒருத்தியாகவே சுற்றி, சனிக்கிழமை பாதிக் கூலியைத் தலைமாட்டில் வைத்ததை அம்மா சொன்னாள். நாற்பது நாள், நாளுக்கு ஐந்நூறு. என் மனம் அந்த நேரத்திலும் பெருக்கிப் பார்த்தது. இருபதாயிரம் பீடி. பைக்குள்ளும் இருபதாயிரம்தான் இருந்தது.

அன்புக்காகச் செய்தவற்றையெல்லாம் இப்படித் தேதியும் எண்ணிக்கையுமாக இரண்டு பேரும் நினைவில் வைத்திருந்ததுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா இரண்டு முறை செருமினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் அவர் முப்பது வருடமாகச் செய்துவந்த சமாதானம் அது ஒன்றுதான்.

"ஒன்னையும் ஒம் புள்ளையையும் பத்தொம்பது வருசம் வச்சிருந்தேனே, அதுக்கு என்னைக்காவது கணக்கு எழுதுனனா?" என்றாள் அத்தை.

"இது எங்கப்பா கட்டுன வீடு" என்றாள் அம்மா.

இரண்டும் உண்மைதான். அதற்கு மேல் பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை. அத்தை உள்ளே போய் மீதியையும் எடுத்து வந்து, 48,200 ரூபாயை இரண்டு முறை எண்ணி அம்மாவின் தட்டருகில் வைத்தாள். அம்மா அதைத் தொடவில்லை. வாங்கினால் கழிவையும் காய்ச்சலையும் வீட்டையும் சேர்த்து விலைபேசி முடித்ததாக ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தையும் திரும்ப எடுக்கவில்லை. மணி நாலாகப் போயிற்று; ஐந்துக்குக் கடையில் பீடி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அத்தை கூடையின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்தாள், அம்மா மறுபக்கத்தைப் பிடித்தாள். முத்துமாலை அம்மன் கோயிலுக்குப் போகிற ரோட்டில் இருவரும் கூடையைச் சுமந்து பேசாமல் நடந்தார்கள். டீக்கடையிலிருந்து திரும்பிய மாமா பணத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

மறுநாளும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள். அத்தையின் மருமகள் பாஸில் வாங்கிய இலையை அம்மா தராசில் இரண்டாகப் பிரித்தாள். அம்மாவின் கட்டுகளுக்கு மட்டும் சிவப்பு நூல் வந்தது. நான் பழைய கணக்கு நோட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா கேட்டுத்தான் கொடுத்தேன் என்றாலும், அதற்காக இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. சண்டை போடவில்லை, சாப்பாடு நிறுத்தவில்லை, அத்தையின் பேரனை அம்மாதான் குளிப்பாட்டுகிறாள். ஆனால் 'மைனி' என்று அம்மா கூப்பிட்டு நான் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. எதிரே போய் நின்றுதான் பேசுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் கூடையை எடுக்க வந்த அத்தை, ஏழு வயது இளையவளான, பத்தொன்பது வருடமும் 'ஏளா' என்றே கூப்பிட்ட என் அம்மாவைப் பார்த்து, "நீங்க எத்தன கட்டு முடிச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

அம்மா நோட்டைப் பார்த்து, "இருபது" என்றாள்.