மாட்டுங்காவுக்கு எந்த வண்டி?

வியாழன், மதியம்

செல்வி: மாலதி அக்கா, 3-வது மாடி செல்வி பேசுறேன். நாளைக்கு ராத்திரி அத்தை ஊர்லேருந்து வர்றாங்க. சனிக்கிழமை வீட்டுல சின்னதா ஒரு பூஜை. மும்பையில மாட்டுங்கா போனாத்தான் நம்ம ஊர் கதம்பம், வாழையிலை, காபிப்பொடி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும்னு கீழ் வீட்டு மாமி சொன்னாங்க. இவருக்கு மார்னிங் ஷிஃப்ட். காலையில நான் தனியாத்தான் போகணும். செம்பூர்லேருந்து எந்த வண்டியில ஏறணும்கா?

மாலதி: ஆபீஸ்ல இருக்கேன் செல்வி. கம்ப்யூட்டர்லயே தட்டி அனுப்புறேன், இரு.

மாலதி:

```
| எங்கிருந்து | எங்கே | லைன் | குறிப்பு |
|---|---|---|---|
| செம்பூர் | குர்லா | ஹார்பர் | **2-வது ஸ்டேஷன்** |
| குர்லா | மாட்டுங்கா | சென்ட்ரல் | **ஸ்லோ மட்டும்** |
| செம்பூர் | கிங்ஸ் சர்க்கிள் | ஹார்பர் | கோரேகாவ் வண்டி |
```

செல்வி: என்னக்கா இது, கோடு கோடா வந்திருக்கு? நடுவுல நட்சத்திரம் வேற. வரியெல்லாம் மடங்கிப்போய் எது எங்கேன்னு ஒண்ணும் புரியல.

மாலதி: சரிம்மா, கோடெல்லாம் எடுத்துட்டு சும்மா எழுத்தா அனுப்புறேன்.

மாலதி: செம்பூர் ஸ்டேஷன்ல CSMT, அதான் பழைய VT, போற பக்கம் நில்லு. பன்வெல் பக்கம் நின்னுடாதே, அது எதிர்த்திசை. வண்டியில ஏறினா முதல்ல திலக் நகர், அடுத்தது குர்லா. அங்கே இறங்கு.

குர்லாவுல பாலம் ஏறி மெயின் லைன் பக்கம் போகணும். நீ வந்தது ஹார்பர் லைன், மாட்டுங்கா இருக்கிறது சென்ட்ரல் மெயின் லைன்ல. இந்தப் பாலத்துலதான் எல்லாரும் முழிப்பாங்க. வந்த புதுசுல நான் ஒரு தடவை சுத்திச் சுத்தி இறங்கின பிளாட்பாரத்துக்கே திரும்பி வந்தேன்.

மெயின் லைன்லயும் CSMT பக்கம் போற வண்டிதான். ஆனா ஸ்லோ வண்டியா இருக்கணும். மேலே போர்டுல S போட்டிருந்தா ஏறு, F போட்டிருந்தா விட்டுடு. ஃபாஸ்ட் மாட்டுங்காவுல நிக்காது. ஸ்லோவுல முதல்ல சயான், அடுத்தது மாட்டுங்கா.

செல்வி: இப்ப நல்லாப் புரியுதுக்கா. தெரியாம ஃபாஸ்ட்ல ஏறிட்டா?

மாலதி: தாதர்ல கொண்டுபோய் விடும். பதறாதே. அங்கே இறங்கி, திரும்பி குர்லா பக்கம் வர்ற ஸ்லோவுல ஏறினா முதல் ஸ்டேஷனே மாட்டுங்காதான். கூட்டத்தோட தள்ளிக்கிட்டு வெளியே மட்டும் போயிடாதே, தாதர்ல பூ மார்க்கெட் பக்கம் போற கூட்டம் உன்னையும் அள்ளிக்கிட்டுப் போயிடும்.

செல்வி: மாமி ‘மாட்டுங்கா ரோடு’ன்னு சொன்ன மாதிரி ஞாபகம். அதுவும் இதுவும் ஒண்ணா?

மாலதி: நல்லவேளை கேட்டே. ஒண்ணு இல்ல. மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைன் ஸ்டேஷன், தாதருக்கும் மாஹிமுக்கும் நடுவுல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நமக்கு வேண்டியது வெறும் மாட்டுங்கா. இறங்கினதும் கிழக்குப் பக்கம் வெளியே வா. பூக்கடை எங்கேன்னு தமிழ்லயே கேளு, வழி சொல்ல ஆள் இருக்கும். ஆஸ்திக சமாஜம் கோயிலும் அங்கேதான்.

மாட்டுங்கா ஸ்டேஷன்ல 2017-லேருந்து முழுக்கப் பொம்பளைங்கதான் வேலை பார்க்குறாங்க, டிக்கெட் கவுன்ட்டர்லேருந்து போலீஸ் வரைக்கும். தனியா வர்றேன்னு பயப்படாதே, ஏதாவதுன்னா நேரா அவங்ககிட்ட போய் நில்லு.

செல்வி: முதல்ல கோடு கோடா அனுப்பினதுல கடைசியா இருந்த அந்த கிங்ஸ் சர்க்கிள் என்னக்கா?

மாலதி: அது இன்னொரு வழி. கோரேகாவ் போற ஹார்பர் வண்டி செம்பூர்ல எப்பவாவது வரும். அது வடாலா தாண்டினதும் கிங்ஸ் சர்க்கிள்ல நிக்கும், எங்கேயும் மாற வேண்டியதில்ல. ஆனா அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்காதே. வந்தா ஏறிக்கோ, இறங்கின பிறகு கொஞ்சம் நடை. முதல் தடவைக்கு குர்லா வழியே போதும்.

செல்வி: சரிக்கா. இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை அத்தையையும் அங்கே கூட்டிட்டுப் போய் இலைச்சாப்பாடு வாங்கித் தரலாம்னு இருக்கேன். அவங்களுக்கு முட்டி வலி.

மாலதி: அப்போ டிரெயின் வேண்டாம். குர்லா பாலம் ஏறி இறங்குறதுக்குள்ள அத்தை உன்னோட பேச்சையே நிறுத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா பகல்ல மெகா பிளாக்னு தண்டவாள வேலையும் நடக்கும், வண்டி குறைஞ்சு கூட்டம் ஏறிடும். டாக்சி பிடி. ஆட்டோக்காரன் “வர்றேன்”னு ஏத்திக்கிட்டாலும் சயானோட நிறுத்திடுவான், அதுக்கு மேல ஊருக்குள்ள ஆட்டோ போகக் கூடாது. மூட்டை முடிச்சோட நடுவழியில டாக்சி தேடுறதுக்கு, செம்பூர்லயே டாக்சி ஏறிடு.

சாப்பாட்டுக்கு ராமநாயக் போங்க. 1942-லேருந்து இருக்கிற உடுப்பிக் கடை, ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட் கட்டடத்துல. கடை மாடியில இருக்கு, ஒரு படிக்கட்டு ஏறணும். அதை அத்தைகிட்ட முன்னாடியே சொல்லி வை. சீக்கிரம் போனா வரிசை குறையும். திங்கட்கிழமை கடை கிடையாது.

செல்வி: ரொம்ப நன்றிக்கா. நாளைக்குக் கையில செல்லோட, பையோட இவ்வளவையும் மேல தள்ளித் தள்ளிப் படிக்க முடியாது. போற வழிய மட்டும் சுருக்கமா இன்னொரு தடவை போடுவீங்களா?

மாலதி: இந்தா.

செம்பூர், CSMT பக்கம்.
இரண்டாவது ஸ்டேஷன் குர்லா, இறங்கு.
பாலம் ஏறி மெயின் லைன்.
CSMT பக்கம், S வண்டி.
இரண்டாவது ஸ்டேஷன் மாட்டுங்கா.
கிழக்கே வெளியே வா.

செல்வி: இது போதும்கா. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன்.

மாலதி: டிக்கெட் போக வர சேர்த்தே எடுத்துடு. லேடீஸ் பெட்டியில ஏறு, பெட்டி மேலயே பொம்பளை படம் போட்டிருக்கும். காலையில ஆபீஸ் கூட்டம் ஓயட்டும், பத்தரைக்கு மேல கிளம்பு. அப்புறம், குர்லாவுல இறங்க திலக் நகர் வந்ததுமே வாசல் பக்கம் நகர்ந்துடணும். இறங்குறவங்களுக்குப் பின்னாடியே நில்லு, அவங்களே உன்னையும் இறக்கி விட்டுடுவாங்க.

வெள்ளி, காலை 11:08

செல்வி: அக்கா குர்லா. பாலத்து மேல நிக்கிறேன். எங்கே பார்த்தாலும் படிக்கட்டா இருக்கு.

மாலதி: அப்படியே நில்லு. CSMT-ன்னு போர்டு தெரியுதா?

செல்வி: ரெண்டு இடத்துல தெரியுது.

மாலதி: நீ ஏறி வந்த படிக்கட்டை விட்டுடு. இன்னொண்ணு.

செல்வி: இறங்கிட்டேன். வண்டி வருதுக்கா. F போட்டிருக்கு.

மாலதி: விடு.

செல்வி: அடுத்தது S.

மாலதி: ஏறு. எனக்கும் ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வா.