மதிப்பாய்வு அறிக்கை: பெருந்திருத்தம் தேவை

கட்டுரை: வீட்டில் தமிழ், வகுப்பில் தமிழ்: சிங்கப்பூர்த் தொடக்கநிலை 4 மாணவரின் பேச்சுத்திறன்
மதிப்பாய்வாளர்: இரண்டாமவர்
பரிந்துரை: பெருந்திருத்தத்துக்குப் பின் மறுபரிசீலனை

கட்டுரையாளர்களுக்கு

வணக்கம். உங்கள் கட்டுரையை மூன்று முறை படித்தேன். மூன்று தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 118 மாணவர்களின் வாய்மொழித் தேர்வு, பெற்றோருக்கான வினாநிரல், 12 குடும்பங்களில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செய்த ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் ஒரே ஆய்வில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒலிப்பதிவுகள்தான் இக்கட்டுரையின் செல்வம். ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் தாத்தா, அம்மா, பிள்ளை, பணிப்பெண் என நால்வர் எந்தெந்த மொழியில் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்திருப்பது பெரிய உழைப்பு. இது அச்சில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் இப்போதைய வடிவில் கட்டுரையின் முடிவுகளைச் சான்றுகள் தாங்கவில்லை. கருத்துகளை முக்கியத்துவ வரிசையில் தந்திருக்கிறேன். முதல் இரண்டும் தீராமல் மற்றவற்றைத் திருத்துவதில் பயன் குறைவு.

1. தேர்வு எதை அளக்கிறது?

பின்னிணைப்பில் தந்திருக்கும் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது. படத்தைப் பார்த்து விவரிக்கும் பகுதியில் ஒரு மாணவி, "அந்தப் பையன் பந்த எடுத்துக்கிட்டு ஓடுறான்" என்கிறாள். அதற்கு 'மொழிநடை' பிரிவில் 5-க்கு 2. இன்னொரு மாணவர், "அந்தப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்" என்கிறார். அவருக்கு 5. இருவர் சொன்னதும் ஒரே செய்திதான். இரண்டு வாக்கியங்களும் முழுமையானவை. முதலாமவள் பேச்சுத் தமிழின் இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். இரண்டாமவர் எழுத்துத் தமிழை வாயால் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் தமிழ் பேசும் குடும்பம் பிள்ளைக்குத் தருவது பேச்சுத் தமிழ். எந்த அம்மாவும் "சாப்பிட்டுவிட்டாயா?" என்று கேட்பதில்லை, "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். அப்படியிருக்க, வீட்டுத் தமிழின் விளைவை அளக்கும் தேர்வு வீட்டுத் தமிழுக்கே மதிப்பெண்ணைக் குறைத்தால், கிடைக்கும் எண் பேச்சுத்திறனைக் காட்டுமா, பள்ளிப் பயிற்சியைக் காட்டுமா? சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005 இல் தந்த அறிக்கையிலேயே, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் முன்னுரை அந்த அறிக்கையைப் பாராட்டுகிறது. ஆனால் மதிப்பெண் அட்டவணை அதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது.

தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை வகுப்பில் "சரியாப் பேசு" என்று திருத்தப்பட்டு, மெல்ல மெல்ல வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆய்வுக் கருவியும் அதையே செய்துவிடக் கூடாது.

இதைச் சரிசெய்யப் புதிதாகத் தேர்வு வைக்க வேண்டியதில்லை. 118 மாணவரின் பதிவுகளும் உங்களிடம் உள்ளன. அவற்றை இரண்டு தனி அளவுகோல்களில் மீண்டும் மதிப்பிடலாம். ஒன்று, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், தயக்கமின்மை ஆகியவற்றை எந்த வழக்கில் பேசினாலும் ஒரே மாதிரி அளப்பது. மற்றது, எழுத்து வழக்கைக் கையாளும் திறனை மட்டும் அளப்பது. வீட்டுத் தமிழ் முதலாவதோடு வலுவாகவும் இரண்டாவதோடு மெலிதாகவும் தொடர்புபட்டால், அதுவே உங்கள் கட்டுரையின் முதன்மைக் கண்டுபிடிப்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் மறுமதிப்பீடு செய்ய நேரம் இல்லையென்றால், குலுக்கல் முறையில் 40 பதிவுகளையாவது எடுத்துச் செய்யுங்கள்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. இரண்டு ஆசிரியர்கள் மதிப்பிட்டதாகச் சொல்கிறீர்கள். அவர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போனார்கள் என்ற விவரம் இல்லை. முரண்பட்ட இடங்களில் யார் முடிவு செய்தார்கள் என்பதும் தேவை.

2. தொடர்பு இருப்பதால் காரணம் ஆகிவிடாது

வீட்டில் தமிழ் பேசும் அளவுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.41 என்று காட்டுகிறீர்கள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் முடிவுரை "வீட்டுமொழியே பேச்சுத்திறனைத் தீர்மானிக்கிறது" என்கிறது. 0.41 என்பது மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 17 விழுக்காட்டைத்தான் விளக்குகிறது. அந்த 'ஏ'காரத்தை இந்த எண் தாங்காது.

மேலும், திசை எது? ஆறாவது குடும்பத்தின் பதிவை நீங்களே தந்திருக்கிறீர்கள். அம்மா தமிழில் தொடங்குகிறார், மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், அம்மா மறுபடி தமிழில் கேட்கிறார், மீண்டும் ஆங்கிலம், மூன்றாம் முறை அம்மாவும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். அந்த இடத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நிறுத்திவிட்டேன். இங்கே வீட்டுமொழியைத் தீர்மானிப்பது பிள்ளை. தமிழ் வராத பிள்ளையிடம் பெற்றோர் தமிழைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றாலும் அதே 0.41 கிடைக்கும். உங்கள் ஒலிப்பதிவு உங்கள் முடிவுரையைவிட ஆழமாகப் பேசுகிறது. அதை எடுத்துக்காட்டுப் பெட்டிக்குள் ஒதுக்காமல் வாதத்தின் நடுவில் வையுங்கள்.

பெற்றோரின் கல்வி, அவர்கள் பிறந்த நாடு, தாத்தா பாட்டி உடன் வசிப்பது, தமிழ்த் துணைப்பாட வகுப்பு ஆகிய விவரங்களை வினாநிரலில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பகுப்பாய்வில் பயன்படுத்தவில்லை. இவற்றைச் சேர்த்துப் பன்மாறித் தொடர்புப்போக்கு ஒன்றைச் செய்து காட்டுங்கள். பள்ளியையும் ஒரு மாறியாகச் சேருங்கள். மூன்றே பள்ளிகளை வைத்துப் பலநிலைப் பகுப்பாய்வு செய்யச் சொல்லமாட்டேன், அதற்கு எண்ணிக்கை போதாது. தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்களையும் பல தலைமுறையாக இங்கே வாழும் குடும்பங்களையும் ஒரே குவியலில் போட்டிருப்பது எனக்குக் குறிப்பாக உறுத்துகிறது. இரண்டிலும் வீட்டுத் தமிழ் ஒரே பொருளைத் தருவதில்லை.

3. பெற்றோர் சொன்னதும் பதிவில் கேட்டதும்

வினாநிரல் தமிழாசிரியர் வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறது. "வீட்டில் எவ்வளவு தமிழ் பேசுவீர்கள்?" என்று பிள்ளையின் தமிழாசிரியர் அனுப்பிய தாளில் கேட்டால், பெற்றோர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அது பொய்யல்ல, அவர்களுடைய விருப்பம். நல்ல வேளையாக, சரிபார்க்க உங்களிடம் வழி இருக்கிறது. பதிவு செய்த 12 குடும்பங்களில், பெற்றோர் தாளில் குறித்த அளவையும் பதிவில் எண்ணிய தமிழ்ப் பேச்சின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை தாருங்கள். 12 சிறிய எண்தான். ஆனாலும் படிப்பவர் மற்றத் தரவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது ஒரு கைவிளக்கு.

அப்புறம், எண்ணிய முறை. "அம்மா, என்னோட ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்" என்பது தமிழா, கலப்பா? எனக்கு அது தமிழ் வாக்கியம், ஒரு சொல் மட்டும் ஆங்கிலம். உங்கள் விதி எதுவானாலும் அதை எழுதிக் காட்டுங்கள். அத்துடன், எழுத்துப்பெயர்ப்பில் பல இடங்களில் 'வந்துவிட்டான்', 'போகிறேன்' என்று இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அப்படிப் பேசியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. ஒலிப்பதிவில் கேட்டபடியே, 'வந்துட்டான்', 'போறேன்' என்று எழுத வேண்டுகிறேன். பேச்சை ஆராயும் கட்டுரையில் பேச்சைத் திருத்திவிட்டால் மிஞ்சுவது என்ன?

4. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கையாளும் விதம்

முன்னுரையில், வீட்டில் தமிழை மிக அதிகமாகப் பேசுவோர் 2000 இல் 42.9 விழுக்காடு, 2010 இல் 36.7, 2020 இல் 27.9 என்ற எண்களைத் தந்து, "தமிழர்கள் தமிழைக் கைவிட்டுவிட்டனர்" என்கிறீர்கள். எண்கள் சரி. ஆனால் அவை ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியச் சிங்கப்பூர்வாசிகள் அனைவரையும் பற்றியவை. மலையாளிகள், பஞ்சாபியர், இந்தி பேசுவோர் எல்லோரும் அதில் அடக்கம். குடியேற்றத்தால் அந்தக் கலவை மாறினாலே தமிழின் விழுக்காடு மாறும். 2015 குடும்ப ஆய்வில் தமிழ் 37.7 ஆகச் சற்று ஏறியதையும் விட்டுவிட்டீர்கள். அது சிறிய மாதிரியை வைத்து எடுத்த ஆய்வு என்பதால் பெரிதாக எடுக்க வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். கேட்ட கேள்வியும் வீட்டில் 'மிக அதிகமாக' பேசும் மொழியைப் பற்றியது. ஆங்கிலத்தை முதலாவதாகச் சொன்ன வீட்டில் தமிழ் இரண்டாவதாக உயிரோடு இருக்கலாம். உங்கள் 12 குடும்பங்களில் பல அப்படிப்பட்டவைதாம்.

ஆங்கிலம் 2010 இல் 41.6 ஆக இருந்து 2020 இல் 59.2 ஆனது கவலை தரும் மாற்றம் என்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன். அந்தக் கவலையைத் துல்லியமாகச் சொன்னால்தான் பெற்றோரும் கல்வி அமைச்சும் காதுகொடுப்பார்கள். 'கைவிட்டுவிட்டனர்' என்ற சொல், சுழல்முறை வேலை பார்த்துவிட்டு இரவில் பிள்ளைக்குத் தமிழ்க் கதை படிக்கும் அப்பாவையும் குற்றம் சாட்டுகிறது. அவர் உங்கள் ஒன்பதாவது குடும்பத்தில் இருக்கிறார்.

5. ஒப்புதல்

பெற்றோர், பிள்ளைகளின் ஒப்புதல் பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவுகளில் பணிப்பெண்களின் குரலும் விருந்தினர் குரலும் உள்ளன. அவர்களிடமும் ஒப்புதல் பெற்றீர்களா, இல்லையென்றால் அவர்கள் பேச்சை எழுத்துப்பெயர்ப்பிலிருந்து நீக்கினீர்களா என்பதைத் தெளிவாக்குங்கள். ஐந்தாவதாக வைத்தாலும் இது விருப்பத்துக்கு விடும் திருத்தமல்ல.

சிறு குறிப்புகள்

அட்டவணை 2-இல் மாணவர் கூட்டுத்தொகை 116 என வருகிறது, இருவர் எங்கே? 'இரட்டை வழக்கு' என்றும் 'இருநிலை வழக்கு' என்றும் மாறி மாறி வருகிறது, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கப்படம் 3 தேவையில்லை, அந்தச் செய்தி பத்தியிலேயே தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தை ஒலிப்பதிவுக்குக் கொடுங்கள்.

இதழாசிரியருக்கு மட்டும்

திருத்திய வடிவத்தை மீண்டும் படிக்க எனக்குச் சம்மதம். மறுமதிப்பீட்டுக்கு உழைப்பு அதிகம் என்பதால் வழக்கமான இரண்டு மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் தர வேண்டுகிறேன். பன்மாறிப் பகுப்பாய்வைப் புள்ளியியல் தெரிந்த ஒருவரும் பார்க்கட்டும். அது என் முதன்மைத் துறையல்ல. கட்டுரையாளர்கள் இளம் ஆய்வாளர்கள் என்று தோன்றுகிறது. முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தில் ஒலிப்பதிவுகள் பற்றிய பாராட்டையும் தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள்.