கூட்டப் பதிவுகளின் சுருக்கம்: திங்கட்கிழமை திரும்பும் கவிதாவுக்கு

பங்சார் சவுத், கோலாலம்பூர்
6 பிப்ரவரி 2026

அன்புள்ள கவிதா,

நீங்களும் குழந்தையும் நலம்தானே? தைப்பூசத்தன்று நீங்கள் அனுப்பிய படத்தை மீனா எல்லாருக்கும் காட்டினார். திங்கட்கிழமை நீங்கள் திரும்பி வருவதில் குழுவுக்கே தெம்பு வந்திருக்கிறது.

நீங்கள் விடுப்பில் இருந்தபோது நடந்த புதன்கிழமைக் கூட்டங்களின் பதிவுகள் குழுக் கோப்புறையில் தேதிவாரியாக இருக்கின்றன. அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். பாதிக்கு மேல் அன்றன்றைய வேலைப் பேச்சுதான். எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்து, உங்கள் வேலையைத் தொடுகிறவற்றை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்தே ஆகவேண்டியது ஒன்றுதான்: பிப்ரவரி 4-ஆம் தேதிப் பதிவு. அதிலும் 23-ஆவது நிமிடத்திலிருந்து பார்த்தால் போதும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஜாலான் ஈப்போவில் லாரி உதிரிபாகம் விற்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை கடை அடைக்கிற நேரத்தில் ஒரு இ-இன்வாய்ஸ் அனுப்பினார். 1,850 ரிங்கிட் என்று அடிக்க வேண்டியது 18,500 ஆகிவிட்டது. வரி வாரியத்தின் MyInvois அமைப்பு அதை உடனே சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. கணக்கில் பிழை இல்லை, வடிவமும் சரி, அதற்கு அதுவே போதும். ஞாயிறு தைப்பூசமும் கூட்டரசுப் பிரதேச தினமும் ஒன்றாக வந்ததால் திங்களும் விடுமுறை. செவ்வாய் காலை கடையைத் திறந்து பிழையைக் கண்டுபிடித்து 'ரத்து செய்' பொத்தானை அழுத்தினால், திரையில் வந்தது இதுதான்:

```
OperationPeriodOver
```

இ-இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அது சரிபார்க்கப்பட்ட நொடியிலிருந்து கடிகாரப்படி ஓடும், வார இறுதி, பொது விடுமுறை எதற்கும் நிற்காது. நீண்ட விடுமுறைக்கு முந்தின மாலை அனுப்பினால், கடை பூட்டியிருக்கும்போதே அந்த நேரம் முழுக்கப் போய்விடும். பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் திருத்த வேண்டும், அதுவும் தனியாக வாரியத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட வேண்டிய ஆவணம். மீனா அந்தத் தொலைபேசிப் பேச்சைக் கூட்டத்தில் விவரித்ததைக் கேளுங்கள். கடைக்காரர் கோபப்படவில்லை, பயந்துவிட்டார். தன் விற்பனை 16,650 ரிங்கிட் கூடுதலாகப் பதிவாகிவிட்டது, வரி அதிகாரிகள் வந்து கேட்பார்களோ என்று. அரை மணி நேரம் கூடவே இருந்து கிரெடிட் நோட்டை அனுப்ப வைத்திருக்கிறார் மீனா.

இதற்கு இரண்டு முடிவுகள் எடுத்தோம். ரத்து செய்ய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு இன்வாய்ஸுக்குப் பக்கத்திலும் காட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் அந்தப் பொத்தான் மறைந்து, அந்த இடத்தில் 'கிரெடிட் நோட் போடு' என்று வர வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

முடிவாகாமல் நிற்பது மூன்றாவது யோசனை. விடுமுறைக்கு முந்தின நாள் அடிக்கும் இன்வாய்ஸ்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு வாரியத்துக்கு அனுப்பலாம் என்றார் வெய் லிங். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடையில் நிற்பவருக்கு க்யூஆர் குறியீட்டோடு காகிதம் கையில் வேண்டும், நாளை வாருங்கள் என்று சொல்ல முடியாது. பொருள் வாங்குபவர் வழக்கமாக வாங்கும் தொகையைவிட மிக அதிகமாக இருந்தால், அனுப்பும் முன் ஒருமுறை கேட்டால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் இன்வாய்ஸ் அனுப்பும் திரையைக் கட்டியவர் நீங்கள், அதை நீங்கள் சொல்லித்தான் முடிப்போம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது டிசம்பர் 10. இதை நீங்கள் செய்தியிலேயே பார்த்திருப்பீர்கள். ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவான வணிகங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமில்லை என்று அரசாங்கம் வரம்பை உயர்த்திவிட்டது. அதற்கு முன்பு வரம்பு 5 லட்சமாக இருந்தது. அந்தச் சின்னக் கடைகளுக்காக நீங்கள் அக்டோபர் முழுக்க வரைந்த கைபேசித் திரைகள் இப்போதைக்கு வெளியாகாது. எவ்வளவு கவனமாக அவற்றைச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை வேறு யாரும் சொல்லிக் கேள்விப்படும் முன் நானே எழுதுகிறேன். வேலை வீண் போகவில்லை: 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை விற்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் கட்டாயம் வந்துவிட்டது, அவர்களுக்கான பதிப்பில் உங்கள் வாங்குபவர் விவரப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். பேரங்காடிகளைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

டிசம்பர் 17-ஆம் தேதிக் கூட்டம் 10,000 ரிங்கிட் விதி பற்றியது. மாதச் சில்லறை விற்பனையை ஒன்றாகச் சேர்த்து, மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் ஒரே இ-இன்வாய்ஸாக அனுப்பும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் இந்த ஜனவரி 1 முதல், தனி விற்பனை ஒன்று 10,000 ரிங்கிட்டைத் தாண்டினால் அதை அந்த மூட்டையில் சேர்க்கக் கூடாது, வாங்கியவர் பெயரில் தனியாகப் போட வேண்டும். கடந்த ஜூலையில் சேர்ந்த வாடிக்கையாளர்களுக்குத் தளர்வுக் காலமும் டிசம்பரோடு முடிந்ததால் இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன. தொகை வரம்பைத் தாண்டியதும் திரை வாங்குபவர் விவரம் கேட்கும்படி அஸ்லான் மாற்றிவிட்டார். வாங்குபவர் தனிநபராக இருந்து மைகார்டு எண் மட்டும் கொடுத்தால், வரி எண் இடத்தில் EI00000000010 தானாக நிரம்பும். உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இதற்கென்று இருந்த நிபந்தனைகளையே அவர் பின்பற்றினார், ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நவம்பர்ப் பதிவுகளை விட்டுவிடலாம். ஒரே அனுப்பலில் 100 ஆவணங்கள் என்ற வரம்பில் பெரிய வாடிக்கையாளர்களின் வரிசை திணறியது, அதைப் பிரித்து அனுப்பச் செய்து முடித்தாயிற்று. ஜனவரியில் பெரும்பாலும் வாடிக்கையாளர் பயிற்சி பற்றித்தான் பேச்சு.

முதல் வாரத்தில் புதிய வேலை எதுவும் உங்கள் பெயரில் போடவில்லை. திங்களும் செவ்வாயும் படித்துப் பாருங்கள், கேள்விகளைக் குறித்து வையுங்கள். புதன் கூட்டத்தில் மூன்றாவது யோசனையை எடுத்துக்கொள்வோம். தீர்ந்துவிட்டால் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் மீதநேரக் காட்சியாவது வெளியாகிவிடும். அந்த விடுமுறையிலும் இதே சிக்கல் வரும் என்பதால் அவசரப்படுகிறேன்.

அப்புறம், மாலை 5 மணிக்கு நடந்த புதன் கூட்டத்தைக் காலை 10.30-க்கு மாற்றிவிட்டோம். நீங்கள் நேரத்தோடு கிளம்பிக் கெரிஞ்சியில் எல்ஆர்டி பிடிக்கலாம். பால் எடுத்து வைக்க மூன்றாம் மாடிச் சிறிய அறையை ஒதுக்கியிருக்கிறார்கள், உள்ளேயே குளிர்ப்பெட்டி இருக்கிறது. சாவி மீனாவிடம் இருக்கிறது. அதற்காக யாரிடமும் நேரம் கேட்க வேண்டியதில்லை, உங்கள் நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள்.

அன்புடன்,
சரவணன்